மூன்றாவது கொட்டேஷன்

என் நாத்தனாருக்கு ஒரு வியாதி உண்டு, நியாயம் பார்க்கிற வியாதி. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பிரித்துக் கொடுத்தால்கூட உடைந்த துண்டை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யோசித்து நிற்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை கிடைத்தபோது நான் சிரித்தேன். பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பார்கள், இங்கே பால் குடிக்கவே தெரியாத பூனையை வைத்திருக்கிறார்களே என்றேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது அவருக்கு.

அவர் வைத்திருப்பது ஒரு வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் பல வருஷமாக எங்களுக்குச் சோறு போட்டன. கேட்டுக்குச் சொன்ன விலையை எவனும் ஒழுங்காகக் கொடுத்ததில்லை, வாசலில் நின்று பேரம் பேசியே பாதி உயிரை எடுப்பான். அதனால் அவருக்கு ஒரு ஆசை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுத்தமான வேலை, அவர்கள் பேப்பரில் விலை கேட்க, இவர் பேப்பரில் விலை கொடுத்து, பேப்பரில் ஆர்டர் வாங்கி ஒரு தடவையாவது செய்ய வேண்டும். அதற்கென்றே கையில் நேர்த்தியுள்ள ஒரு வெல்டரைச் சம்பளம் கூட்டிக் கொடுத்து வைத்திருந்தார். வேறொரு பட்டறைக்காரன் அந்த வெல்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "கொஞ்சம் பொறு, பெரிய வேலை வருது" என்று இவர் பிடித்து வைத்திருந்தார். வேலை வராவிட்டால் ஆள் போய்விடுவான், ஆள் போனால் மறுபடியும் கேட்டும் கம்பியும்தான். இது எனக்கும் அவருக்கும் நாத்தனாருக்கும், மூன்று பேருக்குமே தெரியும்.

அந்தப் பெரிய வேலை வந்தது. ஆஸ்பத்திரிக்கு அறுபது மருந்து டிராலி. நாலு பேருக்கு விலை கேட்டுக் கடிதம் போயிருந்தது, அதில் நாங்களும் ஒருவர். எங்கள் பெயரை எழுதியது நாத்தனார் இல்லை, அவளுடைய மேனேஜர். "இது என் அண்ணன் பட்டறை சார்" என்று இவள் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். மேனேஜரோ, "அதனால என்னம்மா, கவர் திறக்கறப்போ நீ இருக்காதே. திறந்த பிறகு விலைகளை ஒப்பிட்டு கம்பேரிசன் மட்டும் போட்டுக் கொடு, அது உன்னை விட்டா இங்க யாருக்கு வரும்?" என்றாராம்.

கடிதத்தோடு ஒரு வரைபடம். எவ்வளவு நீளம், தகடு என்ன கனம், எந்த கிரேடு, வண்டியில் கொண்டுவந்து இறக்குவது யார், பணம் எத்தனை நாளில், விலை எத்தனை நாளுக்கு மாறாது, எல்லாம் போட்டிருந்தது. நாலு பேருக்கும் ஒரே கடிதம், ஒரே கடைசித் தேதி. என் வீட்டுக்காரர் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாரு, 'பிரேக் உள்ள சக்கரம்'னு இருக்கு. நாலுக்கும் பிரேக்கா, ரெண்டுக்கா? படத்துல தெரியல."

"உங்க தங்கச்சிக்கு ஒரு போனைப் போடுங்க. அதுக்குத்தானே பெத்து வெச்சிருக்காங்க."

போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அண்ணா, போன்ல சொல்ல மாட்டேன். மெயில்ல கேளு. பதில் நாலு பேருக்கும் போகும்."

"நான்தானே கேட்கறேன் பாப்பா?"

"நீ கேட்டதை மத்தவங்க கேட்காம விட்டிருப்பாங்க. உனக்கு மட்டும் சொன்னா அது கள்ள ஆட்டம். எல்லாரும் ஒரே சாமானுக்கு விலை போட்டாத்தான் விலையை ஒப்பிட முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இங்கே அண்ணனும் தங்கையும் கேட்ட கேள்விகூட வேறாகிவிட்டது. கண்டுபிடித்தவர் இவர், பலன் ஊருக்கா? ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன், பூரித்துப் போயிருந்தது. "இப்படித்தான் இருக்கணும்" என்றார். மெயில் அனுப்பினோம். மறுநாள், கேட்டவர் பெயரில்லாமல் நாலு பேருக்கும் பதில் வந்தது: நாலு சக்கரத்துக்கும் பிரேக்.

விலை போட்டது நான். எங்கள் பட்டறையில் கணக்கு என் பொறுப்பு. தகடு, சக்கரம், கூலி, பாலிஷ், லாரி, இறக்குகூலி, வரி எல்லாம் உள்ளே வைத்து ஒரு டிராலிக்கு ஒரே விலை. "எதையும் ஒளிக்காதே, அடியில சின்ன எழுத்து வேண்டாம்" என்றார். லாபத்தை நான் ஒரு தடவை குறைத்தேன், அவர் இன்னொரு தடவை குறைத்தார். அதற்காகவே அச்சடித்த லெட்டர்பேடில் எழுதி, முத்திரை குத்தி, கவரை ஒட்டி, அவரே கொண்டுபோய் ஆஸ்பத்திரிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார், பெட்டி என்ன இவரைப் பார்க்கவா போகிறது.

அப்புறம் நாத்தனார் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. "முடிவு வர்ற வரைக்கும் வரமாட்டா, அதுதான் முறை" என்றார் இவர். வெல்டரிடம், "இன்னும் ஒரு வாரம்" என்றார். அந்த ஒரு வாரத்தைப் பலமுறை சொன்னார்.

கடிதம் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் விலை குறைந்த விலையாக இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை. அவ்வளவுதான். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நம்மளைவிட கம்மியா ஒருத்தன் செய்யறான்னா செய்யட்டும். போட்டின்னா அப்படித்தான்" என்றார். நான் இரண்டு தடவை கணக்கைச் சரிபார்த்தேன். அந்தக் கிரேடு தகட்டில், நாலு பிரேக் சக்கரத்தோடு, எங்களைவிடக் குறைத்துப் போட்டால் ஒருவன் தன் கையைக் கடித்துக்கொண்டுதான் போட வேண்டும். வெல்டர் அந்த மாதக் கடைசியில் கிளம்பினான். போகும்போது இவரிடம் அவன்தான் மன்னிப்புக் கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீதான் கம்மி அண்ணா. நீதான்."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்கு எப்போதும் சாமான் கொடுக்கிற ஒருவர் உண்டு, 'வெள்ளைச்சட்டை' என்றே எல்லோரும் சொல்வார்கள். கவர்களைத் திறந்தபோது மேலோட்டமாகப் பார்த்தால் அவர் விலைதான் குறைவு. ஆனால் அடியில் சின்ன எழுத்தில், லாரி தனி, இறக்குகூலி தனி, வரி தனி, பாதிப் பணம் முன்பணம். என் நாத்தனார் சும்மா இருப்பாளா? அந்தத் தனிகளையெல்லாம் கூட்டி, முன்பணத்துக்கு வட்டி போட்டு, நாலு விலையையும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிற விலையாக மாற்றி, ஒரே கம்பேரிசன் கட்டத்தில் வரிசையாகப் போட்டாள். எங்கள் விலை முதலாவது, வெள்ளைச்சட்டை இரண்டாவது. எவ்வளவு வித்தியாசம் என்பதையும் கடைசிக் காசு வரை எழுதிவிட்டாள்.

மேனேஜர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா" என்றாராம். சாயந்திரமே வெள்ளைச்சட்டை மேனேஜர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் கோப்பில் ஒரு புதுக் கடிதம்: 'தங்களுடன் பேசியபடி, திருத்திய விலை.' எல்லாம் உள்ளடக்கி, எங்களைவிடக் கொஞ்சூண்டு குறைவு. தேதி மட்டும் பழைய தேதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், இவர்கள் சோறுகூட இல்லாமல் மறைத்திருக்கிறார்கள்.

"நான் கேட்டேன் அண்ணா. குறைக்கச் சொல்றதுன்னா கம்மியா போட்டவர்கிட்ட கேளுங்க, இல்லே நாலு பேர்கிட்டயும் ஒரே நாள்ல கேளுங்கன்னேன். 'ஆஸ்பத்திரிக்கு லாபம்தானே, உங்க அண்ணனுக்காகப் பேசறியா'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன பேசறது?"

"அந்தக் கோப்புல நீ கையெழுத்துப் போட்டியா?" என்றேன் நான்.

ஆமென்று தலையை ஆட்டினாள். திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை வார்த்தை தயாராக இருந்தது. அவளே முந்திக்கொண்டாள்.

"நான் அந்தக் கட்டத்தை அவ்வளவு சுத்தமா போடலேன்னா, எவ்வளவு குறைச்சா போதும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணி."

அதற்குமேல் என்னத்தைத் திட்டுவது? இவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து, முகம் துடைத்து, கொஞ்சம் தெளிந்த பிறகு, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு, கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது என்ன?" என்றார்.

"கட்டில் பக்கத்துல வைக்கற அலமாரி. புது என்கொயரி. மேனேஜர் உன்னையும் கேட்கச் சொன்னாரு. இந்தத் தடவை நான் விடமாட்டேன் அண்ணா, கவர் திறக்கறப்பவே எல்லா விலையையும் சத்தமா படிக்கச் சொல்லப் போறேன்."

"எத்தனை கொட்டேஷன் வந்திருக்கு?"

அவள் மடியிலிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தாள்.

"ரெண்டு."

"எத்தனை வேணும்?"

"மூணு இருந்தாத்தான் கோப்பு நகரும்."

"அந்த ரெண்டுல ஒண்ணு வெள்ளைச்சட்டை. இன்னொண்ணு?"

"அவரோட மச்சான்."

சின்ன வயதில் ஆட்டம் தெரியாத பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம், அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டம் தெரிந்தவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போய் உங்க மேனேஜரையே வெல்டிங் பண்ணச் சொல்லு" என்று கத்தினேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

எழுந்துபோய் லெட்டர்பேடை எடுத்துவந்தார். எங்கள் கணக்கு மேசையில், நான் விலை போடுகிற இடத்தில் உட்கார்ந்தார். மேலே ஒன்றும் எழுதவில்லை. வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார், முத்திரையை ஊதிக் குத்தினார். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். நாலு தாளிலும் ஒரே மாதிரி, அழகான கையெழுத்து. வெல்டிங் பிசிறு தட்டிவிடுவதுபோல விரலால் தாள்களைத் தட்டி அடுக்கி அவளிடம் நீட்டினார்.

"விலையை நீயே போட்டுக்கோ பாப்பா. வெள்ளைச்சட்டையைவிடக் கொஞ்சம் கூடவா இருக்கட்டும். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"அண்ணா..."

"எனக்கு வருத்தமில்லே. வாங்கிக்கோ."

வருத்தமில்லை என்று அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அவள் வாங்கமாட்டாள் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டுவிட்டு அந்த வேலையையும் விட்டுவிட்டு வருவாள், நானே அவளைக் கட்டிக்கொள்வேன் என்றுகூட நினைத்தேன். உடைந்த பிஸ்கட்டுக்கு யோசித்தவள் அல்லவா? அவள் தாள்களையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிறகு மேலே இருந்த ஒரு தாளை மட்டும் எடுத்து, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தாள்.

"நாலு வேண்டாம் அண்ணா" என்றாள். "ஒண்ணு போதும்."

மிச்சம் மூன்றையும் அவர் மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார். "அடுத்த தடவை இதுக்காக அலையாதே. போன்ல சொல்லு, போதும்."