எட்டில் தெரிந்த ஒன்பதாம் அடுக்கு

விசாரணைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் மேனேஜர் சின்னப்பராஜ். அவருக்கு வலப்பக்கம், சன்னலை ஒட்டி, கோழி வாங்கும் கேன்டீன் கம்பெனியிலிருந்து வந்த தர அதிகாரி பெனிஷா. இடப்பக்க பெஞ்சின் ஒரு முனையில் சுமை ஏற்றி இறக்கும் கங்கம்மாள்; மறுமுனையில் எலக்ட்ரீசியன் அருள்பாண்டி, பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும். எதிரே தனியாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் குளிர் அறைப் பொறுப்பாளன் பேச்சிராஜ். அந்த ஸ்டூலின் ஒரு கால் கட்டை. ஆடாமல் உட்கார வேண்டுமென்றால் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் குற்றவாளி மாதிரி இருக்குமே என்று அவன் நிமிர்ந்தே ஆடிக்கொண்டிருந்தான்.

மண்ணூரில் இருந்த அந்தக் கிடங்கிலிருந்துதான் சுற்றுவட்டாரத் தொழிற்சாலை கேன்டீன்களுக்கு உறைந்த கோழி போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒன்பதாம் அடுக்கில் இருந்த கோழி மொத்தமும் இளகி, வாடையடித்துப்போனது. அள்ளிக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

"மெஷின் பொய் சொல்லாது பேச்சிராஜ்," என்றார் சின்னப்பராஜ், வெப்பநிலை அச்சடித்த தாள்களைத் தட்டியபடி. "ஒன்பதாம் நம்பர் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மைனஸ் பத்தொன்பதுலயே நிக்குது. அப்ப ரூம்ல கெட்டுப் போவல. நீதான் எட்டுலேர்ந்து ஒன்பதுக்கு மாத்துறேன்னு வெளிய தூக்கிப் போட்டு வெயில்ல வுட்டிருக்க."

"வெளிய போடலை சார். எட்டாம் நம்பர் மைனஸ் ஒன்பதுன்னு ஏறிட்டே வந்துச்சு. மெக்கானிக் திங்கக்கெழமதான் வருவேன்னுட்டாரு. அதான் பக்கத்து அடுக்குக்கு மாத்துனோம். அரை மணி நேரம்கூட ஆகலை."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேனே," என்றாள் கங்கம்மாள். "நானும் தூக்கினேன். வெளியல்லாம் வைக்கல சார். உள்ளயே மாத்தி அடுக்கினோம். கை வெறச்சிகினு இன்னா பாடு பட்டேன், என்னியக் கேளு."

"உன்னைக் கேட்டா அவனுக்குச் சாதகமாத்தான் சொல்லுவ."

"ஆமா, அவன் எனக்கு மாமன் மவன் பாரு."

பெனிஷா மட்டும் சிரித்தாள். பேச்சிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ரோட்டில் குளிர் அறை வைத்திருக்கிற மேனேஜர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். சரக்கைக் கெடுத்தவன் என்று பேர் எடுத்து வெளியே போனால் ஒரகடம் வரை எந்தக் கதவும் திறக்காது. அவனுக்குத் தெரிந்த தொழில் வேறு எதுவும் இல்லை. எழுத்துபூர்வமாக விளக்கம் கொடு என்று மெமோவும் வந்துவிட்டது.

பெனிஷா தாள்களை வாங்கிப் பார்த்தாள். "திங்கக்கிழமை மெக்கானிக் எந்த ஃபேனை மாத்தினார்?"

"உள்பக்க மூலையில இருக்கிறது மேடம்," என்றான் அருள்பாண்டி. "மோட்டார் எரிஞ்சு போயிருந்துச்சு."

"அது எந்த அடுக்குக்கு மேல?"

"ஒன்பதுக்கு."

"ஃபேன் நின்னது ஒன்பதுக்கு மேல. சூடு காட்டினது எட்டு. ஒன்பது அசையவே இல்லை. எனக்கு அதான் உறுத்துது." அவள் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். போகிற கிடங்கிலெல்லாம் அவள் செய்கிற வழக்கமான சோதனைதான் அது. நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது பூச்சியத்தில் நிற்கும். அதில் முக்கினால், வெப்பம் அளக்கிற எந்த புரோபும் பூச்சியம் காட்ட வேண்டும்.

பேச்சிராஜ் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தப் பனித்தண்ணீரை ஒரு டம்ளரில் வாங்கிக்கொண்டு குளிர் அறைக்குள் போனான். தலைக்கு மேல் ஒரே ஒரு கேபிள் அடுக்குகளை ஒட்டி வரிசையாக ஓடியது. அதிலிருந்து அடுக்குக்கு ஒன்றாக, விரல் நீளத்துக்கு எஃகு மூடி போட்ட ஒன்பது புரோபுகள் தொங்கின. சிவப்பில் மின்சாரம், கறுப்பில் எர்த்து. ஒன்பதும் பேசுவது ஒரே மஞ்சள் கம்பியில். அந்த மஞ்சள் போய்ச் சேருவது வெளியே எண்களைக் காட்டுகிற போர்டின் ஒரே ஒரு முனையில். ஒரு தெருவுக்கு ஒரே குழாய் மாதிரி. சென்னையிலிருந்து ஃபிரடி என்ற பையன் வந்து மாட்டிவிட்டுப் போனது. ஒன்பது கம்பி இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடித்துவிட்டான் என்று சின்னப்பராஜுக்கு அவன்மேல் அன்றைக்கு ஏகப்பட்ட பிரியம்.

பேச்சிராஜ் ஒன்பதாம் அடுக்கின் புரோபை அவிழ்த்து டம்ளரில் இருந்த பனித்தண்ணீரில் முக்கினான். மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. மைனஸ் எட்டானாலும் மைனஸ் பதினெட்டானாலும் உள்ளே போகிறவன் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். காது மரத்துவிடும், அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு ஒன்பதாம் அடுக்கில் நின்று பெட்டி அடுக்கும்போது அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போனது அதனால்தான்.

"ஒன்பது என்ன காட்டுது?" என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டான்.

வெளியே போர்டு முன்னால் நின்ற அருள்பாண்டியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஒன்பது அப்பிடியே நிக்கி. எட்டுதான் ஏறுது. மைனஸ் மூணு... ஒண்ணு... பூச்சியம்ல நின்னுட்டு."

பெனிஷா எட்டாம் அடுக்கின் புரோபை முக்கச் சொன்னாள். ஏழு ஏறியது. ஐந்தை முக்கினால் நாலு. மூன்றை முக்கினால் மூன்றேதான். கடைசியாக நாலை முக்கினான். ஒன்பது ஏறியது.

"நாலாவதை மாத்தினீங்களா?" என்றாள் பெனிஷா.

கங்கம்மாள்தான் பதில் சொன்னாள். "மாத்தினாங்கம்மா. போன மாசம் மைனஸ் நூத்தி இருபத்தேழுன்னு காட்டிச்சு. உள்ள போனா கல்லா பூடுவோம்னு நாங்க சிரிச்சிகினு கெடந்தோம்."

சின்னப்பராஜ் ஃபிரடிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, ஒவ்வொரு புரோபுக்குள்ளயும் ஃபேக்டரிலயே ஒரு நம்பர் பதிஞ்சிருக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. கரண்ட் வந்ததும் போர்டு அந்தக் கம்பில யார் யார் இருக்கீங்கன்னு தேடும். அந்த நம்பருக்குன்னு ஒரு வரிசை இருக்கு, அதும்படிதான் ஆள் கிடைக்கும். நான் மாட்டும்போது அந்த வரிசையைப் பாத்துத்தான் அடுக்குல கட்டினேன். நீங்க போட்ட புதுசோட நம்பர் வரிசையில கடைசிக்குப் போயிருக்கும். அது ஒன்பதாயிடும். பழைய அஞ்சு நாலாயிடும், ஆறு அஞ்சாயிடும், அப்டியே எல்லாம் ஒண்ணு ஒண்ணா முன்னால வந்துடும்."

"அதை ஏன்டா சொல்லல?"

"மாத்தினா என்னைக் கூப்பிடுங்கன்னு சொன்னேனே அண்ணே."

போன் அணைந்தது. எல்லாம் மைனஸ் பதினெட்டு, பத்தொன்பது என்று ஒரே சாயலில் இருக்கிறவரை யார் இடத்தில் யார் நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு சுடுகிறது என்று எட்டைக் காலி செய்து, உண்மையில் சுட்டுக்கொண்டிருந்த ஒன்பதிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அப்புறமும் எட்டு ஏறிக்கொண்டே போனபோது, காலி அடுக்குதானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சிராஜ் நிம்மதியாக இருந்திருக்கிறான்.

"நான் மூணு கம்பியையும் கலர் பாத்து ஒழுங்காத்தான் சேத்தேன்," என்றான் அருள்பாண்டி யாரையும் பார்க்காமல்.

பெனிஷா தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டாள். "எங்க பக்கத்துக்குக் காரணம் தெரிஞ்சா போதும் சார். யார்ங்கிறது உங்க விஷயம்." அவள் கார் கிளம்பிப் போன பிறகு சின்னப்பராஜ் பேச்சிராஜை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கம்பெனி ஃபைலுக்கு ஒரு பேரு வேணும்பா. மாத்தினது யாரு, யார்கிட்டயும் கேக்காம மாத்தினான்னு உன் விளக்கத்துல எழுது. உன் மெமோவ மூடிடறேன். கைல குடுக்காத, கெஞ்சி வாங்கின மாதிரி இருக்கும். ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு."

யார்கிட்டயும் கேக்காம. பேச்சிராஜ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். லாரி வாசலில் நிற்க, அந்தச் சென்னைக்காரனைக் கூப்பிட்டா ஒரு நாள் போயிடும், நீயே ஒண்ணு வாங்கிப் போட்டுடு அருளு என்று இதே மேனேஜர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

சுங்குவார்சத்திரத்தில் அவனும் அருள்பாண்டியும் ஒரே அறை. இருவருக்கும் விளாத்திகுளம் பக்கம். இந்த வேலைக்கு அருள்பாண்டியைக் கூட்டிவந்ததே பேச்சிராஜ்தான். மறுநாள் காலை தாளை எடுத்து, மார்ஜின் மடித்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எப்போதும்போல ஒழுங்காகத் தொடங்கினான். அந்த லைன் வீட்டில் யாருக்கு லீவு லெட்டர், வாடகைக் கடிதம் எது வேண்டுமானாலும் அவனிடம்தான் வருவார்கள்.

அருள்பாண்டி பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். "எம்பேர எழுதப்போறியா?"

"எழுதாம என்ன செய்ய?"

"எழுது, எழுது. வயரு வேலை தெரிஞ்சவனுக்கு எங்க போனாலும் கஞ்சி உண்டு. ஒனக்கு ஐஸ்பெட்டிக்குள்ள நிக்கிறத வுட்டா என்னல தெரியும்." கேலியாகத்தான் சொன்னான். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்தான். "மேனேஜரு சொல்லித்தான் மாத்துனேன்னு அதையும் ஒரு வரி சேத்துக்க."

பேனா நின்றது. பேச்சிராஜ் சுவரைப் பார்த்தான். "அவர்ட்டதான்ல இந்தக் கடுதாசி போகுது."

"தெரியும்."

"அந்த வரியப் போட்டா ரெண்டு பேரையும் அனுப்பிருவாரு."

"நான் ஒண்ணும் சொல்லலயே," என்று அருள்பாண்டி மறுபடியும் படுத்து, முகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

பேச்சிராஜ் எழுதினான். நாலாம் எண் புரோப் பழுதானதால் எலக்ட்ரீசியன் அருள்பாண்டி அதை மாற்றினார். மாற்றியபின் எண்களின் வரிசை மாறியது சரிபார்க்கப்படவில்லை. அதனால் எட்டாம் எண்ணில் தெரிந்தது ஒன்பதாம் அடுக்கின் வெப்பம். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. யாரையும் கேட்காமல் என்ற இரண்டு சொல்லை அவன் சேர்க்கவில்லை; யார் சொல்லி என்பதையும் சேர்க்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தான். அந்தச் சின்ன இடைவெளியைச் சின்னப்பராஜ் தமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்வார் என்று அவனுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டான்.

வெளியே போகும்போது, "சாப்பாடு வாங்கிட்டு வரவா?" என்று கேட்டான்.

"வேண்டாம்."

தபால் ஆபீசில் கூட்டமில்லை. பசை டப்பாவில் பசை காய்ந்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்து, உறையின் மடிப்பில் தடவினான். குளிரில் வெடித்த விரல்நுனிகளில் பசை எரிந்தது. மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றான். கவுன்டர் அம்மாள் "குடுங்க சார், பின்னால ஆள் வருது" என்றாள். கொடுத்தான். அவள் எடை பார்த்து, சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் கிடந்த சாக்கில் போட்டாள்.