சண்டை ஒன்றும் வரவில்லை

நேர்முகத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்த கிளோட் டையைக் கழற்றவும் இல்லை, சோற்றைத் தொடவும் இல்லை. காரியம் கெட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்த மனிசனோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு அதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் நடுவில் இருந்த ஒரு கார்மெண்ட்ஸில் அவர் நெடுங்காலம் உற்பத்தி முகாமையாளர். போன வருடம் கம்பனி அதை மூடியது. அன்றிலிருந்து ஐம்பத்து நாலு வயது ஆம்பிளை ஒருவர் காலையில் சவரம் செய்து, சட்டை போட்டு, போக இடமில்லாமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். செங்கலடியில் புதிதாகத் திறக்கும் தொழிற்சாலைதான் கடைசி வாய்ப்பு. அதுவும் கை நழுவினால் கட்டாருக்குப் போக வேண்டியதுதான். ஏஜென்சிக்காரன் அங்கே ஒரு ஸ்டோரில் சாமான் எண்ணும் வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு தெல்மா. கடைசியில அந்த எச்.ஆர். பிள்ளை கேட்டுது, முப்லிஹா எண்டு, ஏறாவூர்ப் பிள்ளை. குண்டுவெடிப்புக்குப் பிறகு ஏன் லைனைப் பிரிச்சீங்க, பிறகு ஏன் சேர்க்கல்ல எண்டு."

2019 ஈஸ்டர் அன்று முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்த பிறகு ஊரே பேயறைந்து கிடந்தது. எங்கள் ஆட்களும் செத்தார்கள். கிளோட் அப்போது தையல் லைன்களைப் பிரித்தார். முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கம், தமிழ்ப் பெண்கள் மறுபக்கம். நடுவில் துணி அடுக்கும் இரும்பு அலுமாரிகளை வரிசையாக நிறுத்தினார். தேநீர் இடைவேளையும் இரண்டு, பஸ்ஸும் இரண்டு. நாங்கள் பறங்கியர், ஐரோப்பிய வழிவந்த கிறிஸ்தவர்கள், தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அதனால் தன்னைவிட நடுநிலையான ஆள் மாவட்டத்திலேயே இல்லை என்பது அவர் நினைப்பு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சண்டை ஒண்டும் வரல்ல எண்டு சொன்னன். உண்மைதானே? மற்ற இடமெல்லாம் கல்லெறி, கடையடைப்பு. என்ட ஃப்ளோர்ல ஒரு சத்தம் இல்ல. அந்தப் பிள்ளை என்னவோ எழுதிச்சு. உங்கட தலைமைத்துவத்தில எங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கு, பிறகு அறிவிக்கிறம் எண்டு அனுப்பிட்டாங்க."

நேர்முகத்துக்குப் பிறகு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். அவர்கள் தயங்கிய இடத்தை அதில் தொட்டுப் பதில் சொன்னால் சில நேரம் எடுபடும். அன்று பின்னேரமே கிளோட் ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். நான் ஆங்கில டீச்சராக இருந்தவள், பிழை திருத்தச் சொன்னார். உற்பத்தி குறையவில்லை, ஏற்றுமதி ஒருநாளும் பிந்தவில்லை, ஒரு முறைப்பாடும் இல்லை என்று ஒரே அடுக்கு.

"இது நன்றிக் கடிதமா, வக்கீல் நோட்டீசா? அவங்க கேட்டது உங்களுக்குக் கீழ வேலை செஞ்ச பிள்ளைகளைப் பத்தி. நீங்க துணியைப் பத்தி எழுதியிருக்கீங்க."

முறைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப நஸீறாட நம்பரைக் குடுப்பம். எனக்குக் கீழ மெஷின்ல இருந்து பிறகு சூப்பர்வைசரா வந்தவ. அவ சொன்னா நம்புவாங்க" என்றார்.

கேட்காமல் ஒருவருடைய பெயரைக் கொடுப்பது முறையில்லை. அடுத்த நாள் காத்தான்குடிக்குப் போனோம். நஸீறா தையல் மெஷினை வீட்டுக்குள்ளேயே போட்டு அபாயா தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. கிளோட் விஷயத்தைச் சொன்னார்.

"நம்பரைக் குடுங்க சேர். எடுத்தா கதைக்கிறன்" என்றாள். பிறகு கையைப் பிசைந்தாள். "ஆனா நான் பொய் சொல்ல மாட்டன். என்ன சொல்லுவன் எண்டு உங்களுக்கு முதல்ல சொல்லோணும்."

"சொல்லுங்க."

"நானும் தவமலரும் பக்கத்துப் பக்கத்து மெஷின், சேர். அவட ஊடு ஆரையம்பதி. நோன்பு முடிஞ்சா அவக்கு என்ட சோறு, பொங்கலுக்கு எனக்கு அவட பொங்கல். குண்டு வெடிச்சு ஃபெக்டரி திறந்த அண்டு, அவட முகத்தை எப்பிடிப் பாக்கிறெண்டு பயந்து பயந்துதான் வந்தன். வந்து பாத்தா அலுமாரி நிக்கிது. சேரே பிரிச்சு வெச்சிருக்காரே, அப்ப தமிழ்ப் பிள்ளைகள் நம்மளைப் பத்தி என்னவோ சொல்லியிருப்பாங்க எண்டு நான் நினைச்சன். அவவும் அப்பிடித்தான் நினைச்சிருப்பா."

கிளோட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிறகு அவட புருஷன் தோணி கவுண்டு வாவியில மவுத்தாப் போனாரு. ஊர் எல்லை தாண்டி ரெண்டு தெரு தள்ளித்தான் செத்தவீடு. அவ்வளவு நாளும் கதைக்காம இருந்துட்டு எந்த முகத்தோட போற? நான் போகல்ல, சேர். அவ பிள்ளைகளை அவட அம்மாக்கிட்ட உட்டுட்டு குவைத்துக்குப் போயிட்டா. இப்ப நம்பரும் இல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க நல்ல மனிசன். ஒருத்தரையும் ஏசினதில்ல. ஆனா எங்கக்கிட்ட ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்."

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த மனிசன் எதையாவது எழுதிக் கெடுக்கப் போகிறார் என்று மனம் அடித்துக்கொண்டது.

எழுதினார். அலுமாரிகளை நிறுத்தியது தன் முடிவு, எவரையும் கேட்கவில்லை, திருப்பி எடுக்கவும் நினைக்கவில்லை, அதில் இரண்டு பெண்கள் என்ன இழந்தார்கள் என்பது இப்போதுதான் தெரியவந்தது என்று எழுதினார். இனி என்றால் முதல் நாளே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பேன் என்றும் எழுதினார். கீழே நஸீறாவின் நம்பர்.

"இதை அனுப்பாதீங்க. நன்றி மட்டும் போதும். உங்கட தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போடாதீங்க."

"அவங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், தெல்மா. இதைச் சொல்லாட்டி நான் அந்தக் கதிரையில இருந்து என்ன செய்ற?"

கட்டார் என்றேன். அழுதும் பார்த்தேன். அவர் அனுப்பினார். ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலம், திருத்த எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

அடுத்த கிழமை முப்லிஹா அழைத்தாள். கிளோட் நான் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"சேர், உங்கட கடிதத்தை வாசிச்சு நான் உங்களுக்காகத்தான் கதைச்சன். ஆனா இப்ப அது எழுத்தில இருக்கு. உடுப்பு வாங்கிற வெளிநாட்டுப் பையர்மார் ஓடிட்டுக்கு ஃபெக்டரியைச் சோதிக்க வரக்குள்ள, ஆக்களைப் பிரிச்சு வெச்ச மனேஜரைத் தெரிஞ்சுகொண்டே எடுத்தம் எண்டா ஓர்டர் போயிரும் எண்டு டைரக்டர்மார் பயப்படுறாங்க. வேற ஒருத்தரை எடுத்திருக்கம். என்னை மன்னிச்சுக்கோங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறைத்திருந்தால் கதிரை கிடைத்திருக்கும், சொன்னதற்குக் கதவு.

கிளோட் கோபப்படவில்லை. "நஸீறாவோட கதைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கதைச்சம் சேர்."

"என்ன சொன்னா?"

அந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்கியது. "சேர் நல்லவரெண்டுதான் சொன்னா. ஆனா நாங்க சண்டை பிடிப்பம் எண்டு எங்களுக்கு முந்தியே நம்பினது அவர்தான் எண்டு சொன்னா."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதன்பின் வாயைத் திறந்தார், தேர்வில் சொன்ன அதே வார்த்தையோடு. இந்த முறை அது பெருமையாக வரவில்லை.

"சண்டை ஒண்டும் வரல்ல, தெல்மா."

பிறகு ஏஜென்சிக்காரனின் நம்பரைத் தேடச் சொன்னார்.