மெதுவாவின் மூலக் கோப்பு

டிசைனரிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோது மாஸ்டர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கேக் கடையின் அடுப்பறையில் அவர் மாஸ்டர்; கல்லாவில் இருக்கும் மனைவி முதலாளியம்மா. இந்தப் பட்டத்தை அவர்தான் கொடுத்தார். அந்த அம்மாள் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"டிசைனர் பொண்ணு மெயில் போட்டிருக்கு. படிக்கிறேன், கேளுங்க" என்று அவள் வாசலில் வந்து நின்றாள்.

"வணக்கம். வண்டி ஸ்டிக்கருக்காக லோகோவில் புதுக் கிளையின் முகவரியைச் சேர்க்கும் முன், எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, லோகோவின் மூலக் கோப்பு; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்), எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப். நீங்கள் அனுப்பிய ஜேபெக் படத்தை வண்டி அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் உடைகிறது. இரண்டு, அதிலுள்ள எழுத்துருவின் பெயரும், உரிமம் யாரிடம் உள்ளது என்பதும்."

"உங்ககிட்டதானே இருக்கும்? அந்தப் பெரிய கம்பெனி ஆள்கிட்ட நீங்கதானே வாங்கினீங்க. எழுத்துல கை வைக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். அந்த ஆளோட கை சாதாரணக் கையா?"

மாஸ்டர் மாவை இன்னும் வேகமாகப் பிசைந்தார். பெரிய கம்பெனியாவது, ஆளாவது. அந்த லோகோவை எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டரில், பெயிண்ட் மென்பொருளில், மவுஸ் என்கிற எலியைப் பிடித்துக்கொண்டு அவரே செய்தார். இது தெரிந்தால் எட்டு வருஷப் பொய்யனைப் பார்ப்பது போலத்தான் அவள் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அவரிடம் மருந்து இல்லை.

"அனுப்பிடறேன்" என்றார். மத்தியானம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து, அதே ஜேபெக்கின் பெயரில் வால் பகுதியை அழித்து 'ஏஐ' என்று போட்டு அனுப்பினார். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

டிசைனர் பெண் கெட்டிக்காரி, ஆனால் மரியாதை தெரிந்தவள். பதில் சாயங்காலமே வந்தது. "கோப்பு திறக்கவில்லை சார். பெயர்தான் மாறியிருக்கிறது, உள்ளே பழைய படமே இருக்கிறது. என்னிடமுள்ள எழுத்துருக்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். 'து'வுக்கு இப்படி வால் வீசும் எழுத்துரு எதுவும் இல்லை. இது கையெழுத்தா?"

அதையும் முதலாளியம்மாதான் முதலில் படித்தாள்.

"என்னங்க நடக்குது?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "கம்பெனி ஆள்னு யாரும் கிடையாது. நான்தான் செஞ்சேன்."

"எழுத்தையுமா?"

"எழுத்து உன்னோடது. கடை திறக்கறதுக்கு முன்னாடி முட்டைப் பெட்டியைத் தொப்புனு வச்சேன்ல. நீ கோவத்துல மார்க்கரை எடுத்து அட்டையில 'மெதுவா'ன்னு கிறுக்கின. அதுலதானே கடைப் பேரே வந்துச்சு. அதைப் போன்ல படம் எடுத்து அப்படியே வரைஞ்சேன். அந்த அட்டை ஈரத்துல ஊறிப் போச்சு. போனும் போச்சு."

"ஏன் சொல்லல?"

"அன்னைக்கு எல்லாமே வீட்டு வேலையா இருக்குன்னு பயந்துட்டிருந்த. ஒன்னாவது வெளியாள் செஞ்சதா இருந்தா உனக்குத் தெம்பா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகை என்று மாஸ்டர் நினைத்தார், சிரிப்பு.

"எட்டு வருஷமா என் கையெழுத்தையே எவனோ ஒருத்தன்னு தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்கேனா?"

டிசைனருக்கு உண்மையை எழுதினார்கள். பதில் உடனே வந்தது. "நல்லது. அதே கை வெள்ளைத் தாளில், கறுப்பு மார்க்கரால், பெரிதாக ஒருமுறை எழுதட்டும். ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நான் வெக்டராக்கிவிடுகிறேன்."

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் கை கட்டி நின்றது. மறுபடி எழுதினாள். இன்னும் அழகாக வந்து, இன்னும் கெட்டுப்போனது. தாள்கள் மேஜையை மூடின.

"வரல. அந்தக் கை போயிடுச்சு போல" என்றாள்.

மாஸ்டர் உள்ளே போனார். அன்று வந்த முட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து அவள் முழங்கைக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார். உள்ளே ஏதோ உடைந்தது.

அவள் திட்டக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கையில் இருந்த மார்க்கரால் தாளில் ஒரே வீச்சில் கிறுக்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'து'வின் வால் தாளின் ஓரம் வரை பறந்திருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்கேன் செய்தது மாஸ்டர். மின்னஞ்சலை எழுதியது அவள். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு எழுதினாள். அனுப்பிய பிறகு, உடைந்த முட்டைகளைப் பொறுக்கப் போனாள். மாஸ்டர் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"எழுத்துருவின் பெயர்: என் கோபம்" என்று இருந்தது. "உரிமம்: எங்கள் மாஸ்டருக்கு மட்டும்."