தேர்வாளர் சுவரைப் பார்த்து அமர வேண்டும்

செவிலியர் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரை மாணவிகள் மனசு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் முதல்வரம்மாவிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரச் சொன்னாராம்.

அறைக்குள் போனால், வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த வெளித்தேர்வாளர் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. பக்கத்தில் அலுவலக சூப்பரண்டு, எது நடந்தாலும் எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"காப்பி அடிச்சிருக்காங்க," என்றார் வெளித்தேர்வாளர்.

"வாய்மொழித் தேர்விலா?" என்றார் மனசு மேடம்.

"அதான் ஆச்சரியம். நான் கேள்வி கேக்கறேன். பொண்ணு உடனே மேல பாக்குது. ரெண்டு நொடி. பதில் வருது. அடுத்த பொண்ணு உள்ள வருது, அதுவும் மேல பாக்குது. சொல்லி வச்ச மாதிரி எல்லாருமே! மேல என்னமோ இருக்கு மேடம்."

மனசு மேடத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முதல்வரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. அந்த முகம் அப்படி. அதன் முன்னால் நின்று விடுப்புக் கேட்ட எத்தனையோ பேர், எதற்கு விடுப்பு என்பதையே மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"சார், அது யோசிக்கறது," என்றார் மேடம் பணிவாக. "யோசிக்கும்போது எல்லாரும் கண்ணை வேற பக்கம் திருப்புவாங்க."

"யோசிக்கறதுக்கு மூளை போதும். கூரை எதுக்கு?" என்றார் சூப்பரண்டு. வெளித்தேர்வாளர் அவரை நன்றியோடு பார்த்தார்.

ஏணி வந்தது. ஏணியோடு மின்பணியாளரும் வந்தார். தேர்வு நடந்த அறையில் மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துப் பார்த்தார். தூசிதான். விளக்கைக் கழற்றிப் பார்த்தார். செத்த பூச்சிகள். மூலையில் ஈரம் கசிந்து பழுப்பாக ஒரு கறை படிந்திருந்தது. சூப்பரண்டு கீழே நின்று தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து அதையே பார்த்தார்.

"மேடம், இது கிட்னி மாதிரி இல்லே?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

"சிறுநீரகத்தைப் பத்தி ஏதாவது கேட்டீங்களா?" என்று முதல்வரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கேட்டேன்," என்றார் வெளித்தேர்வாளர்.

எல்லோரும் மறுபடியும் கறையைப் பார்த்தார்கள். மின்பணியாளர் மட்டும் ஏணியின் உச்சியிலிருந்து, "மேல மாடியில குழாய் ஒழுகுதுங்க," என்றார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. சூப்பரண்டு கறையை ஒரு தாளில் வரைந்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். ஈரம் காய்ந்ததும் மறுதேர்வு வைத்தார்கள். இந்த முறை முதல்வரம்மா, சூப்பரண்டு, மனசு மேடம் மூவரும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் மாணவி வந்தாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் வியர்வை.

"இன்சுலின் எங்க சுரக்குது?"

அவள் பளிச்சென்ற வெள்ளைக் கூரையைப் பார்த்துவிட்டு, "கணையத்துல சார்," என்றாள். அடுத்தவள் ஜன்னலைப் பார்த்தாள். அதற்கடுத்தவள் தன் செருப்பைப் பார்த்தாள். செருப்புகளை வெளியே கழற்றச் சொன்னார்கள். நான்காவது பெண் வெறுங்காலின் கட்டைவிரலைப் பார்த்துச் சரியான பதிலைச் சொன்னாள்.

"விரல்லயா எழுதி வச்சிருக்கே?" என்று வெளித்தேர்வாளர் எழுந்தேவிட்டார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

மனசு மேடத்துக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "உன் ஊர்ப் பேரைச் சொல்லும்மா," என்றார். அவள் மேடத்தின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாத்தீங்களா? மேல பாக்கலை. ஏன்னா அதுக்கு யோசிக்க வேணாம். கேள்வி கஷ்டமானாத்தான் கண்ணு நகரும். நீங்க கேள்வி கேக்கற வரைக்கும் எல்லாரும் உங்க முகத்தைத்தான் சார் பாத்தாங்க. கேட்டு முடிச்சப்புறம்தான் திருப்பினாங்க."

"ஏன் திருப்பணும்? மடியில கனம் இல்லாதவன் கண்ணைப் பாத்துப் பேசுவான்," என்றார் வெளித்தேர்வாளர்.

"முகம்ங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல சார். புருவம் ஏறுதா, உதடு சுழிக்குதா, கோபமா, சந்தேகமான்னு எதிர்ல இருக்கறவங்க மனசு அதைப் படிச்சுக்கிட்டே இருக்கும். வேணாம்னாலும் விடாது. அதே மனசுதான் பதிலையும் தேடணும். ரெண்டு வேலையும் ஒண்ணா இழுத்தா இடிக்கும். அதனால ஒண்ணை விட்டுடுது. மேலயா, கீழயா, ஜன்னல் பக்கமாங்கறதுக்கு அர்த்தமே கிடையாது. அதை வச்சுப் பொய்யா நிஜமான்னும் சொல்ல முடியாது. என் சின்னப் பொண்ணுக்கு நாலு வயசு. கஷ்டமான கேள்வி கேட்டாலும் கண்கொட்டாம என்னையே பாத்துக்கிட்டு ஏதாவது உளறும். பள்ளிக்கூடம் போகப் போகத்தான் இந்தப் பழக்கம் படியும். அந்த வயசுப் பசங்களை வேற எங்கயாவது பாத்து யோசிக்கச் சொன்னா, பதில் இன்னும் நல்லாவே வரும்."

சூப்பரண்டு எழுதுவதை நிறுத்தினார். "இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?"

"இங்கயே பாத்துடலாம். முதல்வரம்மா கேக்கட்டும். சார் அவங்க முகத்துல வச்ச கண்ணை எடுக்காம பதில் சொல்லட்டும். நூறுலேருந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வரணும். அவ்வளவுதான்."

வெளித்தேர்வாளர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கணக்கில் அவர் புலியாம், பள்ளியிலேயே பரிசு வாங்கியவராம். நாற்காலியை இழுத்து முதல்வரம்மாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். முதல்வரம்மா அவரை வழக்கம்போலத்தான் பார்த்தார்.

"ஆரம்பிங்க."

"தொண்ணூத்தி மூணு," என்றார் கம்பீரமாக. "எண்பத்தி ஆறு." முதல்வரம்மாவின் இடது புருவம் லேசாக ஏறியது. "எண்பத்தி... ஆறு." வெளித்தேர்வாளரின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. "எழுபத்தி எட்டு. இல்ல. எண்பத்தி ஆறுன்னு சொல்லிட்டேனா?"

"என்னைக் கேக்கறீங்களா?" என்றார் முதல்வரம்மா.

"இப்ப நீங்க எங்க வேணா பாக்கலாம் சார்," என்றார் மனசு மேடம்.

அவர் கண்கள் கயிறு அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி போல ஜன்னலுக்கு ஓடின. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று மடமடவென்று கொட்டினார். கொட்டி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"ஒருத்தரை வச்சு ஒரு தடவை பாத்ததைச் சோதனைன்னு சொல்லிட முடியாது," என்று மேடம் அவசரமாகச் சொன்னார். "ரெண்டாவது தடவைங்கறதாலயும் சுலபமா வந்திருக்கலாம். நான் சும்மா புரியறதுக்காகத்தான்..."

யார் கேட்டார்கள்? சூப்பரண்டின் முகத்தில் சூரியன் உதித்திருந்தது.

"அப்போ குத்தம் கூரைமேல இல்ல," என்றார். "முகத்துல இருக்கு."

"யார் முகத்துல?" என்றார் முதல்வரம்மா.

"பொதுவா, மேடம். பொதுவா முகத்துல."

மறுநாளே ஆணை வந்துவிட்டது. தேர்வர்களின் பதிலுக்கு இடையூறாக முகம் இருப்பதாக உளவியல் துறை தெரிவித்துள்ளதால், இனித் தேர்வாளர் சுவரைப் பார்த்து அமர வேண்டும். மனசு மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. ஆனால் அந்த ஆணையில் ஒரு வார்த்தைகூடத் தான் சொன்னது இல்லை. தேர்வாளரைத் திருப்ப வேண்டாம், மாணவியைக் கண்ணைத் திருப்ப விட்டால் போதும் என்று முதல்வரம்மாவிடம் போய் மன்றாடினார். "கையெழுத்துப் போட்டாச்சே," என்றார் அவர்.

மூன்றாம் முறை தேர்வு நடந்தது. வெளித்தேர்வாளர் புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் சுவருக்கு அரை முழத் தூரத்தில் உட்கார்ந்து கேள்விகளைச் சுவரிடம் கேட்டார். மாணவிகள் அவருடைய பின்மண்டைக்கு வணக்கம் வைத்துப் பதில் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். மற்றபடி பதில்கள் தங்கு தடையில்லாமல் வந்தன. மனசு மேடத்துக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போது காவலுக்கு உட்கார்ந்திருந்த சூப்பரண்டு துள்ளி எழுந்தார். "மேடம்! இப்பவும் மேலதான் பாக்கறாங்க! முகமே இல்லாதப்போ எதுக்குப் பாக்கணும்?"

"பழகிப் போச்சு சார். போன்ல பேசும்போதுகூட எதையாவது நினைவுபடுத்தணும்னா கண்ணு அலையும். உள்ளே தேடும்போது வெளியே இருக்கறதைக் கொஞ்சம் கைவிடும். இருட்டுலகூட அப்படித்தான்."

"அப்போ இருட்டாக்கினாலும் பிரயோஜனம் இல்லையா?" என்றார் அவர் ஏமாற்றத்தோடு. அதுதான் அடுத்த யோசனையாக இருந்திருக்கிறது.

முதல்வரம்மா சுவர்ப்பக்கம் குரல் கொடுத்தார். "சார், பொண்ணுங்க மேல பாக்கறதா உங்களுக்குத் தெரியுதா?"

"எனக்குச் சுவர்தான் தெரியுது," என்றார் வெளித்தேர்வாளர். அவர் குரலில் இதுவரை இல்லாத ஒரு நிம்மதி.

"புகார் கொடுத்தவருக்கே தெரியலைன்னா புகார் இல்லை," என்று முதல்வரம்மா எழுந்துவிட்டார். எல்லோரும் தேர்ச்சி. கட்டைவிரலைப் பார்த்துத் திட்டு வாங்கிய பெண்தான் முதல் மதிப்பெண்.

ஆணையை யாரும் திரும்பப் பெறவில்லை. மாதக் கடைசிக்குள் அலுவலகத்திலும் நாற்காலிகள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டன. சான்றிதழ் வாங்க வந்தவர்கள் முதுகுகளிடம் பேசிவிட்டுப் போனார்கள். திட்டுகிறவர்களுக்கும் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் அது வசதியாகவே இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு மேடத்தின் போன் அடித்தது. பழக்கமில்லாத பெண் குரல். வெளித்தேர்வாளரின் மனைவி.

"நீங்கதான அந்த உளவியல் மேடம்? எங்க வீட்டுக்காரரை என்ன பண்ணினீங்க?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"சாப்பிடும்போதும் சுவரைப் பாத்துத்தான் உக்காந்துக்கறார். நான் என்ன கேட்டாலும் சுவர்கிட்டதான் பதில் சொல்றார்."

"ஐயோ, நான் அவர்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லம்மா. நானே பேசி..."

"இருங்க, இருங்க," என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இருபது வருஷமா என் முகத்தையே முறைச்சுக்கிட்டு, என்ன கேட்டாலும் 'ம்'னு ஒரு வார்த்தைதான். இப்பதான் முழுசா ஒரு வாக்கியம் பேசறார். நேத்து எனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டார். சுவர்கிட்டதான் கேட்டார். இருந்தாலும் என்னைத்தான் கேட்டார். அதான் உங்களைக் கேக்கறேன். அவரைத் திருப்பி வச்சிடலாமா, இல்ல இப்படியே விட்டுடலாமா?"

மனசு மேடம் போனைக் காதில் வைத்தபடி, கொடியில் காயும் துணிகளைத் தாண்டி எதையோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு மேசையை நீங்க சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டு, அவர் பக்கத்துல உக்காந்துக்கங்கம்மா," என்றார் கடைசியில். "ரெண்டு பேருமே சுவரைப் பாருங்க."

அந்தப் பக்கம் மேசைக்கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.