சும்மாடு

தவசிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து மூணு மாசமாக மருமகள் ஈஸ்வரிக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. அவளுடைய அப்பா படுக்கைப்புண் வந்து, புழு வைத்துத்தான் செத்தார். அந்த நாத்தம் இன்னும் அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை. மாமாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

அதனால்தான் பழைய சேலையைச் சுருட்டி, குடம் தூக்க வைக்கிற மாதிரி வட்டமாக ஒரு சும்மாடு செய்தாள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு நடு ஓட்டையில் வருகிறபடி வைத்தாள். கூடவே தினமும் தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பு. ஊரே மெச்சியது. மெச்சுகிறவர்களுக்கு என்ன, ஒருத்தராவது வந்து ஒரு ராத்திரி முழித்தார்களா?

வியாழக்கிழமை திருச்சுழியிலிருந்து நர்ஸ் ராஜேஸ்வரி வந்தாள். தவசியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புப் பக்கம் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"அக்கா, இங்க தொட்டுப் பாருங்க."

"செவப்பே இல்லையே சிஸ்டர். தெனமும் பாக்குறேன்."

"கறுத்த தோலுல செவப்பு தெரியாதுக்கா. சுத்தி இருக்கிறதவிட கறுத்துப்போய், சூடா, கல்லு மாதிரி இருக்கு பாருங்க. அழுத்தி எடுத்தாலும் நெறம் மாறல. புண்ணுக்கு இதுதான் ஆரம்பம். இன்னும் தோல் பிரியல, தப்பிச்சோம்."

ஈஸ்வரி தொட்டாள். சுட்டது.

"இந்த வட்டத்த மொதல்ல எடுங்க. இதோட விளிம்பு அழுத்துனா நடுவுல ரத்தம் ஓடாது. தேய்க்கவும் கூடாது, உள்ள சதை நசுங்கிரும்."

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க லேசாகச் சாய்த்து, முதுகுக்கு அண்டையாகத் தலையணை வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல். இழுக்காமல் தூக்கித் திருப்ப வேண்டும். துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். முட்டை, பருப்பு கொடுக்க வேண்டும். நர்ஸ் சொல்லச் சொல்ல ஈஸ்வரி உட்கார்ந்துவிட்டாள்.

"ராவும் பகலுமா? என்னால ஏலாது சிஸ்டர். நானும் மனுசிதான!"

வாசலில் நின்ற புருசன் சுந்தரபாண்டியை நர்ஸ் பார்த்த பார்வையில் அவன் உள்ளே வந்தான். "ராத்திரி நான் பாத்துக்கிறேன்," என்றான். மூணு மாசம் கழித்து வாயிலிருந்து முத்து உதிர்ந்தது!

ஆனாலும் சொன்னபடி செய்தான். அஞ்சாம் நாள் காலையில் ஈஸ்வரி புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. கல்லாக இருந்தது இளகியிருந்தது. கறுப்பு மட்டும் மங்கலாக நின்றது.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"சொகமா இருக்கு தாயி," என்று தவசி குழறினார். "அந்தச் சும்மாடு... மொத நாளே அமுக்குச்சு."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஒறக்கம் முழிச்சு, ஆசையா செஞ்சு வச்ச. அதான்."

ஈஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.