‘சரியாக’ என்ற சொல்

ஆட்டோகிளேவ் ஆபரேட்டர் மோசஸின் இரண்டு கால்களும் வெந்துபோன மறுநாள் காலை, பிளாண்ட் மேனேஜர் பார்த்திபன் இயக்கமுறை எழுதிய ஒரு தாளைக் கொண்டுவந்து ஜெயராஜின் மேசைமேல் வைத்தார்.

"ஆட்டோகிளேவ் எஸ்ஓபி, ஜெயராஜ். எல்லாம் ஒரே பாராவா கெடக்குது. நம்பர் போட்டு, படிச்சா புரியற மாதிரி பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. மோசஸ் எஸ்ஓபிய மீறிட்டான்னு மெமோ அடிச்சாச்சு. ரெண்டையும் சேத்து ஃபைல் பண்ணணும்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஜெயராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த அறையில் அவரைத் தவிர இருந்தவை இரும்பு அலமாரிகளும் ஒரு மின்விசிறியும்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனி அது. வேகாத ரப்பர்க் குழாய்களை ஆட்டோகிளேவுக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டி, நீராவி விட்டு வேகவைப்பார்கள். ஆட்டோகிளேவ் என்பது படுக்கவைத்த ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். ஆள் நிமிர்ந்து உள்ளே போகலாம். ஜெயராஜின் இளமை முழுக்க அதன் முன்னால்தான் கழிந்தது; கடைசிச் சில வருடங்கள் மோசஸும் அவரோடு வேலை செய்தான். முதுகெலும்பில் டிஸ்க் விலகி, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கம்பெனி அவரை வெளியே தள்ளாமல் இந்த ஆவண அறையில் உட்கார வைத்தது. நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் இயந்திரங்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோரின் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கமும் அவர் இந்தப்பக்கமும் ஆகிப்போனது. கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருக்கும். ஆபீஸ் பேப்பர் பார்க்கிறவன் முன்னால் எதையும் பேசக் கூடாது என்பது ஆட்களின் எண்ணம்.

வீட்டிலும் யாரும் இல்லை. மனைவி கன்னியம்மா, மகள் மோனிகாவின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

ஜெயராஜ் தாளைப் படித்தார். தனக்குத் தெரிந்த இயந்திரம் என்பதை மறந்துவிட்டு, முதல் நாள் வேலைக்கு வந்தவன்போல் படிக்க முயன்றார். நடுவில் ஒரு வாக்கியம் அவரை நிறுத்தியது.

‘பிரஷர் குறைந்ததும் வடிகால் வால்வு சரியாக உள்ளதா எனப் பார்க்கப்பட்டு கதவு மெதுவாகத் திறக்கப்பட வேண்டும்.’

முந்தின நாள் நடந்தது இதுதான்: மோசஸ் பிரஷர் மீட்டரைப் பார்த்தான், முள் பூஜ்யத்தில் இருந்தது. வடிகால் வால்வைப் பார்த்தான், கைப்பிடி திறந்த நிலையில் இருந்தது. கதவைத் திறந்தான். ஆனால் வடிகால் குழாயை ரப்பர்த் துணுக்குகள் அடைத்திருந்தன. நீராவி குளிர்ந்து உள்ளே தேங்கியிருந்த கொதிநீர் கதவோடு சரிந்து அவன் கால்மேல் கொட்டிவிட்டது.

குறைந்ததும் என்றால் எதுவரை? பார்க்கப்பட்டு என்றால் யாரால்? எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாக என்றால் எது?

நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஜெயராஜுக்கு மனம் ஒப்பவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஃப்ளோருக்குப் போனார்.

விபத்துக்குப் பிறகு ஆட்டோகிளேவை நிறுத்திப் பூட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே நீராவி இல்லை. அங்கே நின்றிருந்த அன்புசெல்வனிடம் தாளை நீட்டினார்.

"இந்த வரிய படிச்சிட்டு, இன்னா பண்ணுவியோ அத்த கையால காட்டு. பேச வாணாம்."

அன்புசெல்வன் தாளைத் தொடவில்லை. "இன்னா சார், மோசஸ மாட்டி உட்டது பத்தலயா? எங்களயும் உடணுமா?"

"நான் யாரயும் மாட்டி உடலப்பா."

"மெமோ உங்க ரூம்லேர்ந்து வருதுன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க."

ஜெயராஜ் தாளை நீட்டியபடியே நின்றார். கடைசியில் அன்புசெல்வன் வாங்கிக்கொண்டான். மீட்டரைப் பார்த்தான், வால்வின் கைப்பிடியைத் தொட்டான், கதவில் கை வைத்தான். மோசஸ் செய்ததும் அதுவேதான்.

அடுத்து சின்னராசு. அவன் குனிந்து வடிகால் குழாயின் வாயை எட்டிப் பார்த்தான். "தண்ணி வடிஞ்சிச்சான்னு பாப்பேன்" என்றான். புதிதாகச் சேர்ந்திருந்த எட்வர்ட், வால்வைச் சுற்றி விரலால் தடவி, கசிவு இருக்கிறதா என்று தேடினான்.

மூன்று பேருக்கும் ஒரே வரி. மூன்று விதமான ‘சரி’. யார் செய்ததையும் தப்பென்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. ஜெயராஜ் நன்றி சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார். அவர் முதுகைத் திருப்பியதும் பேச்சு மறுபடி தொடங்கியது அவர் காதில் விழுந்தது.

மறுநாள் பார்த்திபன் அறைக்குப் போனார்.

"சார், மோசஸ் எஸ்ஓபிய மீறல. அதுல இருக்கறதத்தான் செஞ்சிருக்கான்."

"வடிகால் செக் பண்ணணும்னு போட்டிருக்கே."

"சரியா இருக்குதான்னு பாக்கச் சொல்லுது. பாத்தான். கைப்பிடி தொறந்துதான் இருந்திச்சி. தண்ணி வந்திச்சான்னு பாருன்னு எங்கயும் எழுதல." மூன்று பேரும் செய்து காட்டியதைச் சொன்னார். "ரிவ்யூ ஷீட்ல மாற்றத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்குது சார். அதுல இத்தத்தான் எழுதப் போறேன்."

பார்த்திபன் தாளின் அடியைப் பார்த்தார். அனுமதித்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"காரணத்த பொதுவா எழுதக் கூடாதா? படிகள் எளிமையாக்கப்பட்டனன்னு?"

"அப்டி எழுதினா மெமோ ரத்தாவாது சார். அவன் கால் வெந்தது அவன் தப்புன்னு ஆயிடும்."

பார்த்திபன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று அவர் "உக்காருங்க" என்று சொல்லவில்லை. "எழுதிக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மோசஸுக்கு மெமோ போகவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆவண அறையில் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிற வழக்கத்தையும் அவர் விட்டுவிட்டார்.

ஜெயராஜ் எழுத உட்கார்ந்தார். ஒரு படிக்கு ஒரே செயல். ஒவ்வொன்றும் ‘செய்யவும்’ என்று முடிய வேண்டும். ‘செய்யப்பட வேண்டும்’ என்று எங்கும் வரக் கூடாது. எச்சரிக்கை அந்தச் செயலுக்கு முன்னால் வர வேண்டும். கை வெந்த பிறகு படித்து என்ன பயன்? கதவு திறக்கும் பகுதியை நாலு முறை அடித்து எழுதினார்.

6. வடிகால் வால்வை முழுவதும் திறக்கவும்.
7. வடிகால் குழாயின் வாயைப் பார்க்கவும். தண்ணீர் வராவிட்டால் கதவைத் தொடாதீர்கள். ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிடவும்.
8. தண்ணீர் வடிந்து நிற்கும்வரை காத்திருக்கவும்.
9. மீட்டர் முள் 0 காட்டும்வரை காத்திருக்கவும்.
10. கதவின் அடியிலுள்ள சோதனைக் குழாயைத் திறக்கவும். நீராவியோ தண்ணீரோ வந்தால் அதை மூடவும். ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிடவும்.
11. கதவின் கீல் பக்கமாக நிற்கவும்.
12. பூட்டு வளையத்தைத் திருப்பிக் கழற்றவும்.
13. கதவை மெதுவாகத் திறக்கவும்.

மோசஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு அத்திப்பட்டுக்கு ரயிலேறினார். மோசஸின் மனைவி ஷைனி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவுரு தூங்குறாருண்ணா."

உள்ளே டிவி ஓடியது. மோசஸ் ஏதோ கேட்க, யாரோ சிரித்தார்கள். ஷைனி தலை குனிந்துகொண்டாள். மெமோ விஷயத்தைச் சொல்லலாம் என்று ஜெயராஜ் வாயெடுத்தார். வாசலில் நின்று சொன்னால் செய்த உதவிக்கு நன்றி கேட்க வந்ததுபோல் ஆகும் என்று தோன்றியது. பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கன்னியம்மாவுக்குப் போன் போட்டார்.

"எப்ப வர?"

"கொயந்த தவழ ஆரம்பிச்சா வந்துடறேன். சாப்ட்டியா?" அவர் பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதது. "இரு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அவர் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொல்ல ஆளில்லாததால் பசிக்கவும் இல்லை.

வடிகாலைச் சுத்தம் செய்து, புதிய தாளை ஒட்டி, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சில வாரங்கள் கழித்து மோசஸ் வேலைக்கு வந்தான். காலில் புதுத்தோல் இன்னும் சிவந்திருந்ததால் செருப்பு மாதிரி தளர்ந்த ஷூ போட்டிருந்தான். வேலையில் கை வைக்கும் முன் புதிய எஸ்ஓபியில் பயிற்சி பெற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், ஆவண அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

ஜெயராஜ் தாளைக் கொடுத்தார். மோசஸ் நின்றபடியே வாய்விட்டுப் படித்தான். ஏழாம் படியில் அவன் குரல் இறங்கியது. மறுபடி ஒருமுறை அதையே மனதுக்குள் படித்தான். பிறகு கடைசிவரை வந்து நின்றான்.

"மெதுவான்னு போட்டிருக்குதே. மெதுவான்னா எப்டி?"

ஜெயராஜ் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய வரியிலிருந்து அந்த ஒரு சொல் தப்பிப் பிழைத்துப் புதிய தாளுக்கு வந்திருந்தது. தனக்குக் கை பழகிய வேலை என்பதால் கண்ணில் படவில்லை.

"நீ எப்டித் தொறப்ப?"

"கொஞ்சம் தொறந்து நிறுத்துவேன். உள்ள இருக்கற ஆவி போனப்பறம் முழுசா தொறப்பேன். அன்னிக்கும் மெதுவாத்தான் தொறந்தேன். ஆனா நிறுத்தல."

"எவ்ளோ தொறந்து நிறுத்துவ?"

மோசஸ் கைகளை விரித்துக் காட்டினான். பிறகு இருவரும் ஃப்ளோருக்குப் போனார்கள். கதவு நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துத் தரையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டார்கள். டப்பாவை ஜெயராஜ் பிடித்துக்கொள்ள, மோசஸ் குந்தி உட்கார முடியாமல் ஒரு ஸ்டூலில் அமர்ந்து வரைந்தான். பதின்மூன்றாம் படி மாறியது: ‘கதவைத் தரையிலுள்ள மஞ்சள் கோடுவரை மட்டும் திறந்து நிறுத்தவும்.’ பதினான்காவது புதிதாக வந்தது: ‘உள்ளிருந்து நீராவியும் தண்ணீரும் வருவது நின்ற பிறகு கதவை முழுவதும் திறக்கவும்.’

கையெழுத்துப் போடும்போது மோசஸ் பேனாவை நிறுத்தினான்.

"மெமோவ நீ நிறுத்தினன்னு அன்புசெல்வன் சொன்னான். எனக்கு அப்பறமாத்தான் தெரியும்."

"தாள் தப்பா இருந்திச்சி. அதத்தான் எழுதினேன்."

"ஊட்டுக்கு வந்தியே, சொல்லியிருக்கலாம்ல?"

ஜெயராஜ் மேசைமேலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். மோசஸ் இன்னும் கொஞ்சம் நின்றான். வெளியே ஷிப்ட் சைரன் ஊதியது. "வரேன்" என்று சொல்லிவிட்டுத் தளர்ந்த ஷூ தரையில் இழுபடப் போய்விட்டான்.

ஜெயராஜ் பழைய தாள்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, ‘நீக்கப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை குத்தினார். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் மதியம் கால்கள் அவரை ஃப்ளோர் பக்கம் இழுத்துப் போயின.

கதவு திறக்கிற நேரம். மோசஸ் கீல் பக்கமாக நின்றிருந்தான். எட்வர்ட் குனிந்து வடிகால் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. யாரும் கதவைத் தொடவில்லை. பிறகு ஒரு குமுறலோடு வெந்நீர் பாய்ந்து வாய்க்காலில் ஓடியது. எட்வர்ட் கையை உயர்த்திக் காட்ட, நீர் நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ எதையோ சொல்ல, மோசஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

தூணுக்குப் பின்னால் நின்ற ஜெயராஜை அவர்களில் எவரும் கவனிக்கவில்லை. கதவு மஞ்சள் கோட்டில் நின்றது. ஆவி கூரைக்கு ஏறியது. அதன் சூட்டை முகத்தில் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு அவர் அங்கேயே நின்றிருந்தார்.