பழுக்கும் அறையின் திறப்பு விழா

வாழைக்காய் முதலில் வந்துவிட்டது. தலைமை விருந்தினர் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நானூறு பெட்டிக் காய்களைப் பழுக்கும் அறைக்குள் அடுக்கி, எத்திலீன் வாயுவைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது. தோட்டத்துப் பக்கத்திலேயே பதினான்கு டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பிய காய். அதை மெல்லப் பதினேழுக்கு ஏற்றி, இருபத்துநான்கு மணி நேரம் வாயு காட்டி, பிறகு காற்றை மாற்றினால் வியாழன் காலைக்குள் நானூறு பெட்டியும் ஒரே மஞ்சளாக நிற்கும். இதைச் செய்வதற்காகத்தான் அக்காவை வேறொரு கிடங்கிலிருந்து அழைத்துவந்திருந்தார்கள். வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள்.

நிறுவனத்தின் உரிமையாளர் தம்மைச் சேர்மன் என்று அழைக்கச் சொல்லியிருந்தார். நிறுவனத்தில் ஏழு பேர். சேர்மன் பதவி இருந்தால் பழம் சீக்கிரம் பழுக்கும் என்று அவர் நம்பியதாகச் சொல்ல முடியாது. ஆனால் இல்லாவிட்டால் பழுக்காது என்று நினைத்தார்.

பன்னிரண்டு கடைகள் வைத்திருக்கும் ஒரு குழுமத்தின் கொள்முதல் அதிகாரி வியாழன் காலை வந்து பார்ப்பார். நிறம் ஒன்றாக இருந்தால் வாரம் மூன்று லோடு. பாதி பச்சை பாதி மஞ்சள் என்றால் பழைய ஆளிடமே திரும்பிப்போவார். அக்காவிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கப்பட்டிருந்தது: "பழத்தின் நிறத்துக்குத் தொழில்நுட்ப அலுவலரே பொறுப்பு." நிறம் கெட்டால் வேலையும் போகும் என்பதைத் தாள் சொல்லவில்லை. சேர்மன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

செவ்வாய் காலை அக்கா வந்து பார்த்தபோது, அறைக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இது என்ன?" என்று சேர்மனின் மச்சானிடம் கேட்டார். மனைவியின் தம்பியான அவர்தான் விழா ஏற்பாட்டுப் பொறுப்பாளர்.

"திறப்பு விழாக்கா. பதினோரு மணிக்கு நீங்க கதவத் திறக்கணும்ல? அதே நேரத்துல தலைவர் ரிப்பன் வெட்டிடுவாரு. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும். மாமா ஐடியா."

தலைவர் என்பவர் வணிகர் சங்கத் தலைவர். பதினோரு மணிக்குப் 'புறப்பட்டுட்டாரு' என்று செய்தி வந்தது. ஒரு மணிக்கும் அதே செய்தி.

கதவுக்குப் பக்கத்துப் பலகையில் இலக்கங்கள் ஒளிர்ந்தன. கரியமில வாயு ஒன்றரை சதவீதம். காயும் மூச்சு விடும். அது விட்ட மூச்சு உள்ளேயே ஒரு சதவீதத்துக்கு மேல் தேங்கினால், எத்திலீன் எவ்வளவு கொட்டினாலும் காய் சரியாகக் கேட்காது. சிலது பழுக்கும், சிலது முறைத்துக்கொண்டு நிற்கும்.

அக்கா எத்திலீனை நிறுத்திவிட்டுச் சேர்மனிடம் போனார்.

"சார், கதவத் திறக்கணும். ரிப்பன அவுத்துட்டு அப்புறம் கட்டிக்கலாம்."

"அவுத்துக் கட்டுன ரிப்பனையாம்மா தலைவர் வெட்டுறது?"

"ரிப்பனுக்குத் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும்ல."

அக்கா அடுத்த வழியைச் சொன்னார். "அப்ப பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் போடுறேன். உள்காத்து வெளிய போகும், கதவுக்கு மேல இருக்கிற மூடி தானா திறந்து புதுக்காத்து உள்ள வரும்."

"அதச் செய்யிங்க. யாரு வேணாம்னா?"

ஃபேன் சுழன்றது. பலகையில் இலக்கம் இறங்கவில்லை. அக்கா கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். சாலையைப் பார்த்த அந்தச் சுவர் முழுக்க ஒரு பேனர், இரும்புச் சட்டத்தில் விறைப்பாக அடித்திருந்தது. நடுவில் சேர்மன், வலப்பக்கம் தலைவர், இடது மூலையில் ஒரு வட்டத்துக்குள் மச்சான். காற்று வெளியேறும் துளை சரியாகச் சேர்மன் முகத்துக்குப் பின்னால். வெளியே வர வழியில்லாத காற்று அவருடைய இரண்டு கன்னங்களையும் உப்ப வைத்திருந்தது.

சேர்மன் வந்து நின்று பார்த்தார். சிறிது நேரம் பார்த்தார்.

"முகம் நல்லா தெம்பா வந்திருக்கில்ல?"

"நல்லா வந்திருக்கு மாமா," என்றார் மச்சான்.

"சார், காத்துப் போகல. பேனரக் கழட்டணும்."

"போட்டோகிராபர் வந்து உக்காந்திருக்காரும்மா. மொட்டச் செவுத்து முன்னாடியா தலைவர நிக்க வைக்கிறது?"

"அப்ப ஒரு ஓட்டையாச்சும் போடணும். ரெண்டடி அகலம்."

"எங்க?"

"இப்ப இருக்கிற இடத்துல போட்டா உங்க முகத்துல."

சேர்மன் தம் முகத்தைத் தடவிக்கொண்டார். பேனரை இடப்பக்கம் நகர்த்தலாமா என்றார். நகர்த்தினால் துளை தலைவர் முகத்தில் விழும். அதை அவர் கற்பனை செய்து பார்த்தது தெரிந்தது. உடனே வலப்பக்கம் நகர்த்தச் சொன்னார். அளந்து பார்த்தார்கள். மூலையிலிருந்த வட்டம் துளைக்கு நேராக, தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

"வெட்டுங்க," என்றார் சேர்மன்.

"மாமா, அது என் போட்டோ."

"உன்ன ஊருக்கே தெரியும்டா. போட்டோ எதுக்கு?"

"வீட்ல அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"உங்கக்கா இந்தச் செவுத்துப் பக்கம் வரவே மாட்டா. வெட்டும்மா."

அக்கா பெட்டி கிழிக்கும் கத்தியால் வட்டத்தைச் சுற்றி வெட்டினார். மச்சான் கீழே விழுந்தார். விழுந்த முகத்தை அவரே எடுத்துத் தூசி தட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டார். துளை வழியே இளஞ்சூடான, பழவாசம் ஏறிய காற்று சாலையை நோக்கி அடித்தது. பலகையில் இலக்கம் ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியது, அரை மணியில் அரை சதவீதத்துக்குக் கீழே போனது. தாமதமான மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட அக்கா வெப்பத்தை ஒரு டிகிரி ஏற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபேனைப் போட்டார். ஒரு டிகிரிக்கு மேல் போகவில்லை. அதிகம் சூடேறினால் தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே குழைந்துவிடும்.

புதன்கிழமை முழுவதும் தலைவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை ஏழரைக்குக் கொள்முதல் அதிகாரி வந்தார். பெட்டி திறக்கும் கத்தி கையிலேயே இருந்தது. கதவின் குறுக்கே ஏதோ தடுக்கவே, பேச்சை நிறுத்தாமல் அதை அறுத்துவிட்டு உள்ளே போனார். சேர்மன் கையைத் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தார். போட்டோகிராபர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அதிகாரி முன்வரிசைப் பெட்டிகளைக் கண்டுகொள்ளவில்லை. நடு அடுக்கில் கீழ்ப்பெட்டியை உருவச் சொன்னார். சீப்பு முழுக்க மஞ்சள், காம்பிலும் நுனியிலும் மட்டும் லேசாகப் பச்சை. பழத்துக்குள் வெப்பமானிக் கம்பியைச் செருகிப் பார்த்தார். இன்னும் நான்கு பெட்டி. சுவரோரப் பெட்டி ஒன்றில் இரண்டு சீப்பு பின்தங்கியிருந்தது.

"இது ஏன்?"

"செவ்வாக்கெழம மூணு மணி நேரம் காத்து மாத்த முடியல," என்றார் அக்கா.

சேர்மன் தொண்டையைச் செருமினார்.

"ஒளிக்காமச் சொல்றீங்க," என்றார் அதிகாரி. "மத்ததெல்லாம் சரி. திங்கள்லருந்து மூணு லோடு. ஆனா ரூம் இவங்க கையிலதான் இருக்கணும். எழுதிக் குடுங்க."

சேர்மன் எழுதிக் கொடுத்தார். பொறுப்பு குறித்து எழுதப்பட்ட இரண்டாவது தாள். இதில் கையெழுத்து அவருடையது.

பத்தரை மணிக்குத் தலைவர் வந்தார். பழம் போய்விட்டிருந்தது. காலியான, குளிர்ந்த அறைக்குள் அவரை நிறுத்தி, நவீனக் குளிர்பதன யுகத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் கேட்டார்கள். பதினைந்து நிமிடமாகியும் யுகம் முடியவில்லை. வெளியே அடுத்த லோடு மாங்காய் வெயிலில் நின்றது.

அக்கா கதவருகே வந்து சேர்மனைப் பார்த்தார்.

"சார், காய் ஏத்தணும்."

சேர்மன் காலையில் தாம் எழுதிக் கொடுத்த தாளின் நகலைச் சட்டைப் பைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தலைவரே," என்றார், "வெளிய வெளிச்சம் நல்லா இருக்கு. மிச்சத்த அங்க நின்னு பேசலாமா?"